12 பேருக்கு ஒரே கிளிக்: எல்லாரும் ஒரே புள்ளியில் மொய்க்கிறார்கள்

படைவரி · ஜூன் 4, இரவு 10.40

கோடோவில் எழுதிக்கொண்டிருக்கும் 2டி போர் விளையாட்டில் டிராக் பாக்ஸ் முடிந்துவிட்டது. மவுஸை அழுத்தி இழுத்தால் கட்டம் விரிகிறது, உள்ளே இருப்பவர்களின் காலடியில் பச்சை வளையம் வருகிறது, 12 பேரும் ஒழுங்காகச் சிக்குகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான். வலது கிளிக் செய்தால் 12 பேரும் கிளிக் செய்த அதே புள்ளிக்கு வருகிறார்கள். முதலில் வந்தவன் நிற்கிறான். மற்ற 11 பேர் அவனைத் தள்ளுகிறார்கள். தள்ளப்பட்டவன் தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கிறான். இப்படியே ஈ மொய்ப்பது போல நடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் நிற்பதில்லை.

என் சந்தேகம் பாத்ஃபைண்டிங் மேல். ஒவ்வொரு வீரனுக்கும் பாதையைத் தனித்தனியாகத்தான் கேட்கிறேன். பாதையை வரைந்து பார்த்தால் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் முடிவில் இந்தத் தள்ளுமுள்ளு. பாத்ஃபைண்டிங்கை மாற்ற வேண்டுமா?

விசைக்குதிரை · ஜூன் 4, இரவு 11.05

பாத்ஃபைண்டிங்கைத் தொடாதீர்கள் அண்ணே. எவ்வளவு பக்கத்தில் வந்தால் 'வந்துவிட்டேன்' என்று கணக்கு வைக்கிறீர்களோ, அந்தத் தூரத்தைக் கூட்டுங்கள். நான் 8 பிக்சலை 60 ஆக்கினேன், நடுக்கம் நின்றது. அவ்வளவுதான் வேலை.

படைவரி · ஜூன் 4, இரவு 11.50

செய்து பார்த்தேன். 12 பேருக்கு நடுக்கம் நிஜமாகவே நின்றது. ஆனால் ஒரே ஒருவனைத் தேர்ந்தெடுத்துக் கோட்டை வாசலில் கிளிக் செய்தால் வாசலுக்கு 60 பிக்சல் முன்னாலேயே நின்றுவிடுகிறான். 30 பேரை அனுப்பினால் வெளிவட்டத்தில் இருப்பவர்கள் மறுபடி தள்ளுகிறார்கள்.

பழையசுட்டி · ஜூன் 5, காலை 6.20

அந்த 60 உங்களுக்குப் பொருந்தியது தற்செயல். உங்கள் வீரனின் ஆரம் எவ்வளவு? 16 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். வட்டங்களை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடைவெளி விழும். இடத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் நிரம்பும் என்று கொண்டால், 12 பேர் சேர்ந்த கும்பலின் ஆரம் ஏறக்குறைய 62 பிக்சல். 30 பேர் என்றால் 98. இடமே இல்லாத ஒரு புள்ளிக்கு 30 பேரை அனுப்பினால் எந்தப் பாத்ஃபைண்டிங்காலும் காப்பாற்ற முடியாது. பாதை தேடும் பகுதியில் குற்றம் இல்லை. நீங்கள் கொடுக்கும் கட்டளையில் இருக்கிறது.

ஒருவனுக்கான கட்டளையை 12 பிரதி எடுத்துக் கொடுக்கிறீர்கள். குழுவுக்கென்று ஒரு கட்டளை வேண்டும். அது 12 தனித்தனி இடங்களாகப் பிரிய வேண்டும். அந்த இடங்களை முதலில் தீர்மானித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொருவனுக்கும் பாதை கேளுங்கள்.

மாலைவீரன் · ஜூன் 5, காலை 9.15

எனக்கும் இதே 12 பிரச்சினைதான். பழைய ஸ்டார்கிராஃப்டில் எவ்வளவு பெரிய கட்டம் இழுத்தாலும் 12 பேருக்கு மேல் சிக்க மாட்டேன் என்கிறது. செட்டிங்கில் எங்கே மாற்றுவது?

பழையசுட்டி · ஜூன் 5, காலை 9.40

உங்களுடையது வேறு விஷயம். செட்டிங்கில் இல்லை, அந்த விளையாட்டே அப்படித்தான். 1992 இல் வந்த டியூன் 2 இல் ஒரு நேரத்தில் ஒரு யூனிட்டைத்தான் பிடிக்க முடியும். 1995 இல் கமாண்ட் அண்ட் காங்கர் கட்டத்துக்குள் சிக்கிய எல்லாரையும் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு வந்த வார்கிராஃப்ட் 2 இல் உச்சம் 9, 1998 ஸ்டார்கிராஃப்டில் 12. Ctrl+1, Ctrl+2 என்று குழுக்களாகப் பிரித்து வைத்து அடுத்தடுத்து அழைப்பதுதான் அதில் வழி.

படைவரி · ஜூன் 5, இரவு 9.30

என் வீரனின் ஆரம் 16தான். சரி, குழுக் கட்டளை எழுதினேன். எளிமையாக: 12 பேரின் சராசரி இடத்தை மையமாக எடுத்தேன். மையத்திலிருந்து ஒவ்வொருவனும் எவ்வளவு விலகி நிற்கிறானோ, சேருமிடத்திலும் அதே விலகலில் நிற்க வேண்டும். பார்க்க அருமையாக இருக்கிறது. நின்ற வடிவம் அப்படியே நகர்ந்து போகிறது. நடுக்கமே இல்லை. 60 ஐ மறுபடி 8 ஆக்கிவிட்டேன்.

படைவரி · ஜூன் 5, இரவு 10.10

அவசரப்பட்டுவிட்டேன். வரைபடத்தின் மூலையில் தனியாக நின்ற ஒருவனையும் சேர்த்து அனுப்பினேன். மற்ற 11 பேரிடமிருந்து அவன் 1,200 பிக்சல் தள்ளி இருந்தான். அவன் ஒருவனால் மையம் 100 பிக்சல் அவன் பக்கம் இழுபட்டது. அதனால் 11 பேரும் கிளிக் செய்த இடத்தில் நிற்காமல் 100 பிக்சல் தள்ளிப் போய் நின்றார்கள். அவனோ 1,100 பிக்சல் அந்தப் பக்கம், ஒரு மலைமேல். உதவிக்கு வா என்று அழைத்தால் அதே தூரத்தைக் காப்பாற்றிக்கொண்டு கூடவே நடக்கிறான்.

விசைக்குதிரை · ஜூன் 5, இரவு 10.25

சராசரிக்குப் பதில் நடு எண் எடுங்கள். ஒருவன் விலகி நின்றாலும் மையம் நகராது.

பழையசுட்டி · ஜூன் 6, காலை 6.05

மையம் நகராது, உண்மைதான். ஆனால் விலகியவன் மலைமேல்தான் நிற்பான். பாதி நோய்க்குத்தான் அது மருந்து.

ஸ்டார்கிராஃப்ட் ஆடியவர்கள் மேஜிக் பாக்ஸ் என்பார்கள். குழு ஒரு சிறிய கட்டத்துக்குள் அடங்கி, கிளிக் அந்தக் கட்டத்துக்கு வெளியே விழுந்தால் எல்லாரும் தங்கள் விலகலோடு நகர்வார்கள். குழு சிதறிக் கிடந்தாலோ, கிளிக் குழுவுக்குள்ளேயே விழுந்தாலோ, எல்லாரும் அந்தப் புள்ளியை நோக்கிக் கூடுவார்கள். ஆட்டக்காரர் என்ன நினைக்கிறார் என்பதைக் கிளிக் விழுந்த இடத்தை வைத்தே ஊகிக்கிறது. உங்கள் விலகல் முறையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நெருங்கி நிற்கும் குழுவுக்கு மட்டும். சிதறியவர்களுக்குப் புதிதாக ஒரு அணிவகுப்பு போட்டுக் கொடுங்கள்.

தொடுதிரை · ஜூன் 6, மதியம் 1.30

நான் மொபைலுக்கு எழுதுகிறேன். ஒரு விரலால் இழுத்தால் கேமரா நகர வேண்டுமா, கட்டம் விரிய வேண்டுமா என்பதிலேயே இரண்டு மாதம் போய்விட்டது. விரலை ஒரு கணம் அழுத்தி வைத்துவிட்டு இழுத்தால் கட்டம் என்று வைத்தேன். சண்டையின் நடுவில் அந்த ஒரு கணம்கூடப் பொறுக்க முடியவில்லை என்கிறார்கள். இரண்டு விரலை வைத்துக் கட்டத்தின் இரு மூலைகளைக் காட்டச் சொன்னேன், அது ஜூமோடு மோதுகிறது. உங்களுக்கு எல்லாம் மவுஸ் இருக்கிறது.

படைவரி · ஜூன் 6, இரவு 8.15

தொடுதிரைக்கு: கேமராவை இரண்டு விரலுக்கும் கட்டத்தை ஒரு விரலுக்கும் மாற்றிப் பார்த்தீர்களா? எனக்கு மொபைல் அனுபவம் இல்லை, கேட்கத்தான் செய்கிறேன்.

மவுஸ் இருந்தாலும் பிழை வராமல் இல்லை. முதல் வாரம் முழுக்க இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக மட்டுமே இழுத்துச் சோதித்திருக்கிறேன். நண்பர் ஒருவர் வலமிருந்து இடமாக இழுத்தார், ஒருவன்கூடச் சிக்கவில்லை. கட்டத்தின் அகலம் எதிர்மறையாகிவிட்டது. `abs()` சேர்த்ததும் சரியானது.

```gdscript
var box := Rect2(start, mouse - start).abs()
```

இன்னொன்று: கட்டத்தை இழுத்துக்கொண்டே போய்க் கீழே இருக்கும் பட்டன் பலகையின் மேல் கையை விட்டால், விட்ட சேதி பலகைக்குப் போய்விட்டது. கட்டம் மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இழுக்க ஆரம்பித்ததும் பலகையின் `mouse_filter` மதிப்பை `MOUSE_FILTER_IGNORE` ஆக்கி, விட்டதும் திருப்பி வைக்கிறேன். பலகைக்குள் இருக்கும் ஒவ்வொரு பட்டனுக்கும் இதைச் செய்ய வேண்டியிருந்தது.

படைவரி · ஜூன் 7, இரவு 11.20

அணிவகுப்பு வந்துவிட்டது. 4 பேர் அகலம், 3 வரிசை ஆழம், இடைவெளி 40 பிக்சல். குழுவின் மையத்திலிருந்து கிளிக் வரை ஒரு கோடு போட்டால் அதுதான் முகம் பார்க்கும் திசை. ஸ்லாட்டுகளை அந்தத் திசைக்குச் சுழற்றுகிறேன்.

```gdscript
var dir := (target - center).normalized()
var slot := target + offset.rotated(dir.angle())
```

ஸ்லாட்டுகள் அழகாக விழுகின்றன. எந்த ஸ்லாட் யாருக்கு என்பதில்தான் இடிக்கிறது. தேர்ந்தெடுத்த வரிசையிலேயே 1, 2, 3 என்று கொடுத்தால் இடது கோடியில் இருப்பவன் வலது கோடிக்குப் போகிறான். நடுவில் எல்லாரும் குறுக்கும் நெடுக்குமாக முட்டிக்கொள்கிறார்கள்.

விசைக்குதிரை · ஜூன் 7, இரவு 11.35

ஒவ்வொருவனுக்கும் அவனுக்கு மிக அருகில் இருக்கும் காலி ஸ்லாட்டைக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், குறை இல்லை.

பழையசுட்டி · ஜூன் 8, காலை 6.30

குறை உண்டு தம்பி, நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்தால் தெரியும். மூன்று பேர் ஒரே வரிசையில் 0, 40, 80 என்ற இடங்களில் நிற்கிறார்கள். ஸ்லாட்டுகள் 40, 80, 120. அதாவது எல்லாரும் ஓர் அடி வலப்பக்கம் தள்ளி நின்றால் போதும். வலது கோடியில் நிற்பவனிலிருந்து பங்கிட ஆரம்பித்தால் உங்கள் முறை என்ன செய்யும்? 80 இல் நிற்பவன் தன் காலடியிலேயே ஸ்லாட் இருக்கிறது என்று அசைய மாட்டான். 40 இல் நிற்பவனும் அப்படியே. 0 இல் நிற்பவனுக்கு மீதி இருப்பது 120. அசையாமல் நிற்கும் இரண்டு பேரைச் சுற்றிக்கொண்டு அவன் ஒருவன் மட்டும் கோடிக்கு ஓடுவான்.

மொத்தத் தூரத்தைக் குறைக்கும்படி எழுதினாலும் இது பிடிபடாது. ஒருவன் 120 நடந்தாலும் 120, மூவரும் 40 நடந்தாலும் 120. இரண்டும் சமம். தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டுங்கள். ஒருவன் ஓடினால் 14,400. மூவரும் நகர்ந்தால் 1,600 மூன்று முறை, 4,800. வேறுபாடு அங்கேதான் தெரிகிறது. நேரத்தைப் பார்த்தாலும் அதுதான் நியாயம்: மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் அணி நின்றுவிடும்.

படைவரி · ஜூன் 8, இரவு 9.00

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது. விளையாட்டிலும் இரண்டு முறையையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். முன்பு ஒருவன் வரிசையின் முதுகைச் சுற்றி ஓடுவான், மற்றவர்கள் மரம் மாதிரி நிற்பார்கள். வர்க்கத்துக்கு மாறியதும் வரிசை மொத்தமும் ஒரே மூச்சில் பக்கவாட்டில் நகர்ந்து நின்றது. இதே விளையாட்டா என்று இருந்தது.

ஆனால் எல்லாச் சேர்க்கையையும் சோதிக்க முடியாது. ஹங்கேரியன் முறையைத் தேடிப் படித்தேன், பாதிதான் புரிந்தது. குறுக்கு வழி இருக்கிறதா?

பழையசுட்டி · ஜூன் 8, இரவு 10.15

12 பேருக்கு அது வேண்டாம். நடக்கும் திசைக்குக் குறுக்காக யார் எவ்வளவு இடம், எவ்வளவு வலம் என்று அளந்து வரிசைப்படுத்துங்கள். இடப்பக்கம் இருக்கும் முதல் 3 பேர் இடது நிரைக்கு, அடுத்த 3 பேர் அடுத்த நிரைக்கு, இப்படி நான்கு நிரை. அப்புறம் ஒவ்வொரு நிரைக்குள்ளும் யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்களுக்கு முன் ஸ்லாட். இரண்டு முறை வரிசைப்படுத்தினால் வேலை முடிந்தது. மிகச் சிறந்த பங்கீடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடதில் இருப்பவன் இடதிலேயே இருப்பான், முன்னால் இருப்பவன் முன்னாலேயே இருப்பான். ஆட்டக்காரரின் கண் கவனிப்பது அதைத்தான்.

ஈட்டிக்காரனும் வில்லாளியும் கலந்திருந்தால் வகைவாரியாகச் செய்யுங்கள். முன் வரிசையை ஈட்டிக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை வில்லாளிகளுக்கு.

படைவரி · ஜூன் 9, இரவு 10.45

மேலே சொன்ன முறை 20 வரிக்குள் அடங்கிவிட்டது. நன்றாகப் போகிறது.

புதுச் சிக்கல் ஒன்று. சண்டையில் ஆட்டக்காரர் ஒரே இடத்தில் நான்கைந்து முறை படபடவென்று கிளிக் செய்வார். அணி சேருமிடத்தை நெருங்கியதும் மையத்துக்கும் கிளிக்குக்கும் நடுவே 5 பிக்சல்தான் இருக்கும். அந்தச் சின்னக் கோட்டின் திசை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு கிளிக்குக்கு வடக்கே பார்க்கிறார்கள், அடுத்த கிளிக்குக்குத் தென்கிழக்கே. அணி முழுக்கச் சுழல்கிறது. இப்போது மையம் கிளிக்கிலிருந்து அணியின் ஆரத்தைவிடக் குறைவான தூரத்தில் இருந்தால் பழைய திசையையே வைத்துக்கொள்கிறேன். மேஜிக் பாக்ஸ் பற்றி எழுதியதை மறுபடி படித்தபோதுதான் இது தோன்றியது. கிளிக் குழுவுக்குள் விழுவது வேறு வகைக் கட்டளை என்பது எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

படைவரி · ஜூன் 11, இரவு 11.55

இன்று நடந்ததை விவரமாக எழுதுகிறேன், யாராவது இதே இடத்தில் மாட்டக்கூடும்.

ஆற்றங்கரை ஓரமாக 12 பேரை வடக்கே அனுப்பினேன். 9 பேர் போய் நின்றார்கள். 3 பேர் திரும்பித் தெற்கே நடக்க ஆரம்பித்தார்கள். பாலத்தைக் கடந்து, எதிர்க்கரை வழியாக வடக்கே வந்து, 9 பேருக்கும் நேர் எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அங்கே எதிரியின் கோபுரம் இருந்தது. மூவரும் செத்தார்கள்.

ஸ்லாட்டுகளைத் திரையில் புள்ளியாக வரைந்த பிறகுதான் விளங்கியது. கிளிக் செய்த இடத்திலிருந்து 30 பிக்சலில் நடக்கக்கூடிய பரப்பு முடிகிறது. ஆறு 50 பிக்சல் அகலம், அதாவது 30 முதல் 80 வரை தண்ணீர். அணியின் வலது நிரை மையத்திலிருந்து 60 பிக்சல். அந்த நிரையின் மூன்று ஸ்லாட்டும் தண்ணீருக்குள். ஸ்லாட் நடக்க முடியாத இடத்தில் விழுந்தால் `NavigationServer2D.map_get_closest_point()` கொடுக்கும் இடத்துக்கு நகர்த்தும்படி எழுதியிருந்தேன். 60 இலிருந்து நம் கரை 30 பிக்சல், எதிர்க்கரை 20 பிக்சல். அது கேட்டதைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. கேட்ட கேள்விதான் தவறு.

விசைக்குதிரை · ஜூன் 12, காலை 8.00

ஐயோ, என் விளையாட்டிலும் ஒருவன் அடிக்கடி மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பான். பிசகு எங்கே என்று இத்தனை நாள் தெரியவில்லை. இதுதான்!

பழையசுட்டி · ஜூன் 12, இரவு 7.50

ஸ்லாட்டை ஏற்கும் முன் ஒரு சோதனை: கிளிக் செய்த இடத்திலிருந்து அந்த ஸ்லாட்டுக்கு நடைபாதை எவ்வளவு நீளம்? நேர்க்கோட்டுத் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் நிராகரியுங்கள். உங்கள் எதிர்க்கரை நேராக 80 பிக்சல்தான். பாலம் வழியாகப் போனால் நூற்றுக்கணக்கில் வரும். சந்தேகமே இல்லாமல் மாட்டிவிடும்.

நிராகரித்த ஸ்லாட்டை உள்பக்கம் நெருக்காதீர்கள். விளிம்பு 30 இல், பக்கத்து நிரை 20 இல், ஆரம் 16. இருவர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்பார்கள், ஜூன் 4 இல் பார்த்த தள்ளுமுள்ளு திரும்பி வரும். அந்த மூன்றையும் வெட்டிவிட்டுப் பின்னால் ஒரு வரிசை சேருங்கள். 4க்கு 3 என்பது 3க்கு 4 ஆகும். குறுகலான இடத்தில் அணி ஒடுங்கி நீள்வது பார்க்கவும் இயல்பாக இருக்கும்.

படைவரி · ஜூன் 13, இரவு 10.30

அப்படியே செய்தேன். 12 பேரும் இந்தக் கரையில், 3 பேர் அகலத்தில், 4 வரிசையாக.

அடுத்தது வேகம். என் காலாட்படை நொடிக்கு 60 பிக்சல், குதிரைப்படை 110. 1,200 பிக்சல் தூரத்துக்குச் சேர்த்து அனுப்பினால் குதிரைகள் 11 நொடியில் போய்விடும், காலாட்கள் 20 நொடியில். இடையில் இருக்கும் 9 நொடி குதிரைகள் தனியாக அடிவாங்குகின்றன. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போல மெதுவாக நடப்பவனின் வேகத்துக்கு எல்லாரையும் கட்டினேன். சேர்ந்து போகிறார்கள். ஆனால் தொடக்கத்தில் பின்தங்கிய காலாள் கடைசி வரை பின்தங்கியே வருகிறான். முன்னால் இருப்பவனும் 60, இவனும் 60, எப்படி எட்டிப் பிடிப்பான்?

பழையசுட்டி · ஜூன் 14, காலை 6.15

அணியின் வேகத்தை 54 ஆக்குங்கள், மெதுவானவனின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு. தன் இடத்துக்குப் பின்னால் இருப்பவனுக்கு மட்டும் முழு 60. மொத்தப் பயணம் 22 நொடி ஆகும், 2 நொடி நஷ்டம். எட்டிப் பிடிக்க அந்த நஷ்டம் வேண்டும்.

மாலைவீரன் · ஜூன் 14, மாலை 6.40

ஆடுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முன்னேறும்போது சேர்ந்து போகட்டும், சரி. பின்வாங்கும்போது என் குதிரைகள் காலாட்களோடு நடந்து வந்து சாவதைப் பார்க்க முடியாது. ஓடு என்றால் ஓட வேண்டும்.

பழையசுட்டி · ஜூன் 14, இரவு 8.20

பின்வாங்குகிறார் என்று விளையாட்டுக்கு எப்படித் தெரியும்? எதிரிக்கு எதிர்த்திசையில் கிளிக் செய்தால் பின்வாங்கல் என்று எடுத்துக்கொண்டால், சுற்றி வளைக்கப் போகும் அணியும் பாதி வழியில் கலைந்துவிடும். நான் ஊகிக்கவே மாட்டேன். ஒரு பட்டனை ஆட்டக்காரர் கையில் கொடுப்பேன்.

மாலைவீரன் · ஜூன் 14, இரவு 8.45

அந்த நேரத்தில் பட்டனைத் தேட யாருக்குக் கை இருக்கிறது? இரண்டு முறை வலது கிளிக் செய்தால் கலைந்து ஓடட்டும்.

படைவரி · ஜூன் 15, இரவு 11.10

இரட்டைக் கிளிக்கை எழுதி நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். பதற்றத்தில் எல்லாக் கட்டளையையும் அவர் நான்கைந்து முறை கிளிக் செய்கிறார், முன்னேறும்போதும். அணி ஒவ்வொரு முறையும் கலைகிறது. நாளை Alt அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் மட்டும் அவரவர் வேகம் என்று மாற்றிக் கொடுக்கப் போகிறேன். அது போக, அணி நேர் பின்னால் திரும்பும்போது முன் வரிசை ஈட்டிக்காரர்கள் மற்றவர்கள் நடுவே புகுந்து மறுபக்கம் போக வேண்டியிருக்கிறது. அதை ஏற்றுக்கொள்வதா, திரும்பும்போது மட்டும் வில்லாளிகளை முன்னால் விட்டு அப்புறம் மாற்றுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.